விடக்கூடியதா, விடப்பட்டதா? ஒரு மெயின்டனன்ஸ் பில்லைப் பிரித்துப் பார்த்த கதை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஆபீஸ் நடத்துகிற தம்பி ஒருவர் போன மே மாதம் எனக்கு ஒரு பில்லை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு உடனே போனும் போட்டார். "அண்ணே, மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டிக்கிட்டுத்தான இருக்கேன், இப்ப திடீர்னு ரெண்டே கால் லட்சத்துக்கு மேல குறையுதுங்கிறாங்க, இது எந்தக் கணக்கு?" என்றார். கும்பகோணத்தில் உட்கார்ந்து இருபது வருடமாகக் கணக்கு பார்க்கிற எனக்கு, இந்த மாதிரி பில் வருவது சமீபகால வழக்கம். முன்பெல்லாம் டெல்டாவில் ஆபீஸ் என்றால் கடைக்கு மேலே மாடி, ஒரு படிக்கட்டு, ஒரு குண்டு பல்பு. படியை ஓனர் வீட்டு ஆள் கூட்டுவார், வாடகையோடு எல்லாம் முடிந்தது. லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி, பேஸ்மென்ட் பார்க்கிங் என்று கட்டடங்கள் வந்தபிறகுதான் வாடகைக்குப் பக்கத்தில் இன்னொரு வரி முளைத்தது. பெருநகரத்து ஆட்கள் இதை கேம் என்பார்கள், நம் ஊரில் மெயின்டனன்ஸ். பத்திரத்தில் பொதுப் பகுதி பராமரிப்புக் கட்டணம்.

இதை வசூலிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று கட்டி முடித்துவிடுவது. செலவு கூடினாலும் குறைந்தாலும் ஓனர் பாடு. இன்னொன்று, மாதாமாதம் ஒரு தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மார்ச் முடிந்ததும் உண்மையில் ஆன செலவைக் கூட்டி, அவரவர் பங்கைப் பிரித்து, கூடுதலாகக் கட்டியிருந்தால் திருப்பித் தருவது, குறைந்திருந்தால் மேற்கொண்டு கேட்பது. தம்பியுடையது இரண்டாவது வகை. ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அவர் பார்த்தது "சதுர அடிக்கு 8 ரூபாய்" என்பதை மட்டும்தான், அதற்கு முன்னால் இருந்த "முன்பணமாக" என்ற சொல் கண்ணில் படவில்லை. பலருக்கும் படுவதில்லை.

கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. தரைத் தளமும் மேலே மூன்று மாடியும், ஒவ்வொன்றும் 6,000 சதுர அடி, மொத்தம் 24,000. தரைத் தளத்தில் ஒரு வங்கி, அதற்குத் தனி வாசல், தனி ஜெனரேட்டர். முதல் மாடி முழுக்க ஒரு பயிற்சி நிலையம். இரண்டாம் மாடியில் பாதி, அதாவது 3,000 சதுர அடி, நம் தம்பி. மீதிப் பாதியும் மூன்றாம் மாடி முழுவதும் காலி. தம்பியின் 3,000 என்பதும் அவர் உள்ளே நடமாடும் இடம் அல்ல. டேப் வைத்து அளந்தால் சுவருக்குச் சுவர் 2,250தான் வரும், மீதி 750 படிக்கட்டு, லாபி, லிஃப்ட் குழி, பொதுக் கழிப்பறை இவற்றில் அவர் தலையில் ஏற்றிய பங்கு. இதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் அதே விகிதத்தில் ஏற்றியிருக்கும்வரை. ஒருவருக்கு ஏற்றிய அளவு, கட்டட மொத்தத்துக்கு ஏற்றாத அளவு என்று கலந்துவிட்டால்தான் வில்லங்கம்.

இப்போது பில். ஓனர் தரப்புக் கணக்குப்படி வருடச் செலவு இப்படி இருந்தது. செக்யூரிட்டி மூன்று பேருக்கு 5,40,000 ரூபாய், கூட்டிப் பெருக்க, கழிப்பறை கழுவ மூன்று பேருக்கு 4,32,000, லிஃப்ட் வருட ஒப்பந்தம் 60,000, பொது மீட்டர் கரண்ட் 3,00,000, ஜெனரேட்டர் டீசல் 2,40,000, தண்ணீர்த் தொட்டி, பூச்சி மருந்து, தீயணைப்புக் கருவி எல்லாம் சேர்த்து 1,08,000, மொட்டை மாடி ஒழுகல் அடைத்து வெளிச்சுவர் பெயின்ட் அடித்தது 3,60,000, சொத்து வரி 1,20,000. கூட்டினால் 21,60,000. அதன்மேல் நிர்வாகக் கட்டணம் நூற்றுக்குப் பதினைந்து, 3,24,000. ஆக மொத்தம் 24,84,000 ரூபாய். இதில் தம்பியின் பங்கு ஐந்தில் ஒன்று, 4,96,800. அவர் கட்டியிருந்த முன்பணம் 2,88,000. பாக்கி 2,08,800, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, எல்லாம் சேர்ந்து 2,46,384.

இப்படி ஒரு பில் வந்தால் எல்லோரும் மேலேயுள்ள தொகைகளைத்தான் சண்டைக்கு எடுப்பார்கள். செக்யூரிட்டிக்கு இவ்வளவா, லிஃப்டுக்கு இவ்வளவா என்று. நான் முதலில் பார்ப்பது கீழே இருக்கும் எண்ணை. பங்கு என்பது ஒரு பின்னம்தானே, மேலே தம்பியின் 3,000, கீழே என்ன? ஐந்தில் ஒன்று என்றால் கீழே 15,000 போட்டிருக்கிறார்கள். கட்டடம் 24,000 ஆயிற்றே, 15,000 எங்கிருந்து வந்தது? வங்கி 6,000, பயிற்சி நிலையம் 6,000, தம்பி 3,000. குடியிருக்கிற இடத்தை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். அதாவது காலியாகக் கிடக்கும் 9,000 சதுர அடிக்கும் சேர்த்து இருப்பவர்களே செக்யூரிட்டி சம்பளம் கொடுக்கிறார்கள், ஓனர் ஒரு பைசா போடவில்லை.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். தமிழில் எழுதிய பத்திரம், நல்லவேளை, தெளிவாக இருந்தது: "குத்தகைக்கு விடக்கூடிய மொத்தப் பரப்பில் குத்தகைதாரரின் பரப்புக்குரிய விகிதத்தில்". விடக்கூடிய. விடப்பட்ட என்று இருந்தால் ஓனர் போட்டது சரி, தம்பி கட்டத்தான் வேண்டும். விடக்கூடிய என்றால் காலி மாடியும் அதில் அடக்கம், கீழே 24,000, பங்கு எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். தொகைப் பட்டியலில் ஒரு ரூபாயைக்கூடத் தொடாமல், இந்த ஒரு சொல்லிலேயே 4,96,800 என்பது 3,10,500 ஆகிவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு தம்பியும் நானும் ஓனரைப் பார்க்கப் போனோம். பெரிய மனிதர், பரம்பரையாக நிலம் வைத்திருப்பவர், கட்டடம் கட்டியது பிள்ளைகளுக்காக. மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் தம்பி, காலியா கெடக்கிற மாடியிலயா என் ஜெனரேட்டர் ஓடுது? நீங்க ஏசி போட்டதுக்கு நான் ஊத்துன டீசல்ல எட்டுல ஒரு பங்குதான் தருவேன்னா, மிச்சத்த நான் எதுக்குத் தரணும்?"

அவர் கேட்டது நியாயம். வாடகைக்கு இருப்பவர் பக்கம் நிற்கிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள். செலவில் இரண்டு ஜாதி உண்டு. கட்டடம் நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் மாறாதது ஒன்று: வாசலில் ஒரு செக்யூரிட்டி நிற்கத்தான் வேண்டும், லிஃப்ட் ஒப்பந்தத் தொகை ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதேதான். ஆள் எத்தனை பேரோ அதற்கேற்ப ஏறி இறங்குவது இன்னொன்று, டீசல் அதில் முதல். முதல் வகையை மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும், காலி இடத்தின் பங்கு ஓனருடையது, அது அவர் தொழிலின் அபாயம். இரண்டாவது வகையை உபயோகித்தவர்களுக்குள் பிரிப்பதே முறை. பெரிய குத்தகைப் பத்திரங்களில் இதையே வேறு மாதிரி எழுதுவார்கள்: கட்டடம் முழுதும் நிரம்பியிருந்தால் டீசல் எவ்வளவு ஆகியிருக்குமோ அந்த அளவுக்குச் செலவை உயர்த்திவிட்டு, பிறகு எட்டில் ஒன்று என்று வகுப்பது. விடை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அப்படி உயர்த்துகிற சலுகையை செக்யூரிட்டி, லிஃப்ட் மாதிரி மாறாத செலவுக்கும் நீட்டினால், காலி மாடியின் செலவு பின்வாசல் வழியாக உங்களிடமே வந்து சேரும். இந்தக் கட்டடத்தில் கூட்டுகிறவர்கள் மூன்று பேரும் மாடி நிரம்பினாலும் அதே மூன்று பேர்தான் என்று ஓனரே சொன்னதால் அதை மாறாத கணக்கில் வைத்தோம். பொது மீட்டர் கரண்டில் கொஞ்சம் மாறும், கொஞ்சம் மாறாது. அதற்குச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை என்று மொத்தப் பரப்பிலேயே விட்டோம்.

டீசலை மட்டும் தனியாக எடுத்தோம். வங்கிக்குத் தனி ஜெனரேட்டர், ஆகவே பொது ஜெனரேட்டரில் இருப்பது பயிற்சி நிலையத்தின் 6,000, தம்பியின் 3,000. மூன்றில் ஒரு பங்கு தம்பியுடையது. அதாவது டீசல் விஷயத்தில் அவர் பங்கு ஓனர் போட்டதைவிடக் கூடிவிட்டது! தம்பி என்னை முறைத்தார். கணக்கு என்றால் இரண்டு பக்கமும் வெட்டத்தான் செய்யும்.

ஆனால் பங்கு கூடினால், மொத்தம் சரியா என்று பார்க்க வேண்டிய அவசியமும் கூடுகிறது அல்லவா. 2,40,000 ரூபாய் டீசல், லிட்டர் 92 ரூபாய் வைத்தால் 2,600 லிட்டர் சொச்சம். ஜெனரேட்டர் 62.5 கேவிஏ. அரை லோடில் ஓடும்போது மணிக்கு ஏழெட்டு லிட்டர் குடிக்கும். எட்டு என்றே வைத்தாலும் 2,600 லிட்டருக்கு 325 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். ஓடியதா? இதற்கு யாரையும் விசாரிக்கத் தேவையில்லை, ஜெனரேட்டர் பேனலிலேயே சின்னக் கண்ணாடிக்குள் ஒரு ஹவர் மீட்டர் இருக்கும், வாங்கிய நாளிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும், பின்னால் திருப்ப முடியாது. சர்வீஸ்காரர் வரும்போதெல்லாம் அந்த எண்ணைத் தன் சீட்டில் எழுதிவிட்டுப் போவார். போன வருடம் ஏப்ரல் முதல் வாரத்துச் சீட்டில் 1,412. இந்த வருடம் மார்ச் கடைசிச் சீட்டில் 1,626. நடுவில் 214 மணி நேரம்தான். எட்டு லிட்டர் வீதம் 1,712 லிட்டர், ரூபாயில் 1,57,500. மீதி 82,500 ரூபாய் டீசல் எங்கே போனது?

பெட்ரோல் பங்க் பில்களை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மின்வெட்டு அதிகம் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் டீசல் கூடியிருந்தது, அது சரி. ஆனால் செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் அதைவிட உயரமாக இரண்டு கொம்பு. செப்டம்பர் குறுவை அறுப்பு, பிப்ரவரி சம்பா அறுப்பு. ஐயாவுடைய டிராக்டரும் அதே பங்க்கில், அதே கணக்கில்தான் டீசல் போட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் பையன் மாதக் கடைசியில் பங்க் தரும் ஸ்டேட்மென்ட்டை அப்படியே கட்டடக் கணக்கில் ஏற்றிவிட்டான். ஓனர் கோபப்பட்டது எங்கள்மேல் இல்லை, அவன்மேல். ஏமாற்ற நினைத்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. மெயின்டனன்ஸ் தகராறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், இரண்டு பாக்கெட் காசு ஒரே பையில் விழுந்த கதை.

அடுத்து, சேரவே கூடாத இரண்டு வரிகள். சொத்து வரி ஓனருடையது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது, ஆகவே 1,20,000 போயிற்று. மொட்டை மாடி ஒழுகலும் வெளிப் பெயின்ட்டும் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம். பராமரிப்பு என்பது இருக்கிறதை ஓடவைப்பது, கட்டடத்தின் ஆயுளைக் கூட்டுவது முதலீடு. ஒழுகல் அடைத்த வேலை ஐந்தாறு வருடம் நிற்கும், தம்பியின் குத்தகையோ மூன்று வருடம், அதில் ஒன்று போய்விட்டது. முழுத் தொகையையும் ஒரே வருடத்தில் அவரிடம் கேட்பது, அடுத்து வரப்போகிற குத்தகைதாரருக்காக இவர் தளம் போடுகிற மாதிரி. சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017ஆம் ஆண்டுச் சட்டம் என்பார்கள், வீட்டுக்கு மட்டுமல்ல, நகர்ப்புறத்து வணிக இடங்களுக்கும் பொருந்தும். அதன் இரண்டாம் அட்டவணையில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் கட்டட அமைப்பு சார்ந்த பழுதுபார்ப்பும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று இருக்கிறது. "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்பதைக் கவனியுங்கள். உங்கள் பத்திரத்தில் பெயின்ட்டும் பராமரிப்பில் அடக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அட்டவணை கைகொடுக்காது. தம்பி பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை.

நிர்வாகக் கட்டணம் பதினைந்து சதவீதம் பத்திரத்தில் இருப்பதுதான், ஆனால் எதன்மேல்? கரண்ட், டீசல் நீங்கலான செலவுகள்மேல் என்று எழுதியிருந்தது. கரண்ட் பில்லைக் கட்டுவதில் என்ன நிர்வாகம் இருக்கிறது, அதனால்தான் அந்த விலக்கு. ஓனர் தரப்பு எல்லாவற்றின் மேலும், சொத்து வரிமேலும்கூட, பதினைந்து போட்டிருந்தது.

எல்லாம் கழித்தபிறகு மாறாத செலவுகள் 14,40,000. அதில் கரண்டை விட்டுவிட்டு 11,40,000க்கு நிர்வாகக் கட்டணம் 1,71,000. ஆக 16,11,000, எட்டில் ஒன்று 2,01,375. டீசல் 1,57,500இல் மூன்றில் ஒன்று 52,500. தம்பியின் உண்மையான பங்கு 2,53,875 ரூபாய். அவர் கட்டியது 2,88,000. பாக்கி இருக்கட்டும், ஓனர்தான் 34,125 திருப்பித் தர வேண்டும்.

ஜிஎஸ்டியில் ஒரு பொறி உண்டு, இந்தக் கேஸில் அது இல்லை, ஆனால் வேறு இரண்டு கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். செக்யூரிட்டி ஏஜென்சி ஓனருக்கு பில் போடும்போதே 18 சதவீதம் போட்டிருக்கும். பதிவு பெற்ற ஓனர் அந்த வரியைத் தன் கணக்கில் வரவாக எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்தவர், உங்களுக்குப் பிரிக்கும் செலவில் வரி இல்லாத தொகையைத்தான் காட்ட வேண்டும். வரியோடு சேர்த்த தொகையைக் காட்டி, அதன்மேல் மறுபடி 18 போட்டால், நீங்கள் வரிக்கு வரி கட்டுகிறீர்கள், ஓனர் ஏற்கெனவே திரும்பப் பெற்ற காசை உங்களிடம் இன்னொரு முறை வாங்குகிறார். ஏஜென்சி பில் ஒன்றின் நகல் கேட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கரண்டும் அப்படித்தான்: மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் வாடகையோடோ பராமரிப்போடோ சேர்த்து ஒரே சேவையாக வசூலித்தால் 18 வரும், ஈபி வாங்கிய அதே தொகையை அப்படியே கைமாற்றி வாங்கினால் வராது. 2023 அக்டோபர் 31 தேதியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. உங்கள் உள்மீட்டர் கரண்டுக்குத் தனி வரி, ஈபி விலையிலேயே, என்று இருக்கிறதா பாருங்கள்.

தகராறை எப்படி நடத்துவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தம்பி முதலில் சொன்னது, "வாடகையவே நிறுத்திடறேன் அண்ணே." கூடவே கூடாது. வாடகை பாக்கி என்பது ஓனருக்குக் காலி செய்யச் சொல்லக் காரணம் கொடுப்பது. வாடகையும் மாதாந்தர முன்பணமும் தேதி தவறாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், தகராறு உள்ள 2,46,384 மட்டும் நிற்க வேண்டும். பத்திரத்தில் ஆட்சேபணைக்கு 30 நாள் என்றிருந்தது. அதற்குள் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், அதன் நகல் மெயிலில். கடிதத்தில் வசவு எதுவும் இல்லாமல் மூன்றே கேள்வி: பங்குக்கு எந்தப் பரப்பால் வகுத்தீர்கள், எந்தெந்தச் செலவுக்கு பில் நகல் தருவீர்கள், ஜெனரேட்டர் சர்வீஸ் சீட்டுகளை எப்போது பார்க்கலாம். கணக்கைப் பார்க்கும் உரிமை பத்திரத்தில் எழுதியிருந்தால் சுலபம். இல்லாவிட்டாலும் செலவை நிரூபிக்காமல் உண்மைச் செலவு என்று வசூலிக்க முடியாது.

நடுவில் மேனேஜர், பணம் வரும்வரை இரண்டாம் மாடிக்கு ஜெனரேட்டர் லைனைக் கழற்றிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். அது வாய்ச்சவடால். மின்சாரம், தண்ணீர், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை அதே வாடகைச் சட்டம் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவு போட முடியும். ஆனால் அங்கே போகிறவர்கள் கையில் முறையாகப் பதிவான ஒப்பந்தம் இருக்க வேண்டும், 11 மாத ஸ்டாம்ப் பேப்பரை வருடா வருடம் நகல் எடுத்து ஓட்டுகிறவர்கள் பாடு அங்கே திண்டாட்டம்தான். காசு எவ்வளவு என்ற சண்டை முற்றினால் பத்திரத்தில் சொன்ன நடுவரிடமோ சிவில் கோர்ட்டுக்கோ போக வேண்டும், 34,000 ரூபாய்க்கு அது கட்டுபடியாகாது. இரு தரப்புக்கும் அது தெரியும் என்பதால்தான் பெரும்பாலும் மோர் டம்ளருக்கு முன்னாலேயே முடிகிறது.

இங்கும் முடிந்தது. ஜூலையில் 34,125 ரூபாய்க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் கிரெடிட் நோட் வந்தது, இரண்டு மாத முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். டிராக்டருக்கு பங்க்கில் தனிக் கணக்கு திறந்தாயிற்று. ஜெனரேட்டர் ரூமில் ஒரு நோட்டு தொங்குகிறது, ஓடத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், மீட்டர் எண் எழுத.

போன வாரம் தம்பி மறுபடி ஒன்றை அனுப்பினார். மூன்றாம் மாடி இன்னும் காலியாம், குத்தகையை முன்கூட்டியே புதுப்பித்துக்கொண்டால் வாடகையை இரண்டு வருடம் ஏற்றுவதில்லை என்று ஓனர் புதுப் பத்திரம் அனுப்பியிருக்கிறார். எல்லாம் பழையபடிதான் அண்ணே, படிச்சுட்டேன் என்றார். ஒன்பதாம் பத்தியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "குத்தகைக்கு விடப்பட்ட மொத்தப் பரப்பில்" என்று இருந்தது.